ஒரே கட்டத்தில் பல எழுத்து: ரீபஸ் கட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீச்சர், விடை எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் ஒரு கட்டம் குறைகிறது. தாளில் அச்சுப் பிழையா?

பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. குன்னூரில் நாங்கள் சுற்றுக்கு விடும் குறுக்கெழுத்துத் தாளில் சில மாதம் ரீபஸ் கட்டம் வைக்கிறோம். அதாவது ஏதோ சில கட்டங்களில் மட்டும் ஒரு எழுத்துக்குப் பதில் இரண்டு மூன்று எழுத்தோ, ஒரு முழுச் சொல்லோ உட்கார்ந்திருக்கும். இடமிருந்து வலம் போகும் விடையும் மேலிருந்து கீழ் வரும் விடையும் அந்தக் கட்டத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்ளும். எந்தக் கட்டம் என்று தாளில் குறி எதுவும் இருக்காது. அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டமே.

நீங்கள் சொல்லும் "ஒரு கட்டம் குறைகிறது" என்பதே முதல் தடயம். அழிக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அந்த விடையைக் குறுக்கே வெட்டும் சொற்களைப் பாருங்கள்.

இத்தனை வருஷமாக இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுகிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையே?

நம் ஊர் ஆங்கில நாளிதழ்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழியைப் பின்பற்றுகின்றன. அதில் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் எழுத்து எண்ணிக்கை இருக்கும். ஏழு கட்டத்துக்கு எதிரே ஒன்பது என்று போட்டால் ரகசியம் அங்கேயே உடைந்துவிடும். அமெரிக்கப் புதிர்களில் அந்த எண்ணிக்கை கிடையாது. அதனால்தான் ரீபஸ் அங்கே செழித்தது. நியூயார்க் டைம்ஸ் புதிரில் இதை அதிகம் பார்க்கக்கூடிய நாள் வியாழன். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைப் பெரிய புதிரிலும் வரும். திங்கள், செவ்வாயில் எதிர்பார்க்காதீர்கள், அவை எளிய நாட்கள். அவர்களுடைய வியாழக்கிழமைப் புதிர் அங்கே புதன் இரவு 10 மணிக்கே இணையத்தில் வந்துவிடும், அதாவது நமக்கு வியாழன் காலை ஏழரை அல்லது எட்டரை. ஒரு மணி நேர வித்தியாசம் அவர்கள் கோடையில் கடிகாரத்தை நகர்த்துவதால் வருவது.

எந்தக் கட்டத்தில் நெருக்கியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்களேன்.

எங்கள் தாள் ஒன்றின் இடது மேல் மூலையையே எடுத்துக்கொள்வோம். குறிப்புகள் நாலு.

1 இடமிருந்து வலம், மூன்று கட்டம்: உளுந்து அரைத்துச் சுற்றிப் பாகில் ஊறவைக்கும் இனிப்பு.
1 மேலிருந்து கீழ், மூன்று கட்டம்: கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவது.
2 மேலிருந்து கீழ், நாலு கட்டம்: மூன்று குச்சியைக் காப்பாற்றிக்கொண்டே ஓட்டம் எடுக்கும் ஆட்டம். இது முதல் சொல்லின் மூன்றாவது கட்டத்தில் தொடங்குகிறது.
3 இடமிருந்து வலம், மூன்று கட்டம்: காலின் பின்சதைக்குப் பேர் கொடுத்த மீன். இது அந்த ஆட்டத்தின் மூன்றாவது கட்டத்தில் தொடங்குகிறது.

இனிப்பு என்றதும் பலரும் ஜிலேபி என்று எழுதிவிடுவார்கள். மூன்று எழுத்து, மூன்று கட்டம், கச்சிதமாக உட்காரும். ரீபஸ் புதிரில் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும் தப்பான விடைதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் சந்தேகமே வராது. ஆனால் குறிப்பு உளுந்து என்கிறது. ஜிலேபிக்கு மைதா. அடுத்து, கோர்ட்டில் வாங்குவது ஜாமீன், ஆக முதல் கட்டம் ஜா. ஜிலேபி அங்கேயே அடிபடுகிறது.

மீன் குறிப்பு சுலபம்: கெண்டைக்கால் என்கிறோமே, ஆகவே கெண்டை. இதனால் ஆட்டத்தின் மூன்றாவது கட்டத்தில் கெ வந்துவிட்டது. நாலு கட்டம், மூன்றாவது கெ. இந்த அச்சுக்கு டிக்கெட், பாக்கெட், ராக்கெட் எல்லாம் அழகாகப் பொருந்தும். ஆனால் மூன்று குச்சி வைத்து ஆடுவது கிரிக்கெட் ஒன்றுதான். அதற்கு ஐந்து எழுத்து: கி, ரி, க், கெ, ட்.

இப்போது எங்கே நெருக்குவது? கெ மூன்றாவது கட்டத்தில் நிலைத்துவிட்டது, அதற்குப் பின் ட் நாலாவது. ஆக மிஞ்சிய கி, ரி, க் மூன்றும் முதல் இரண்டு கட்டங்களுக்குள் அடங்க வேண்டும். ஒன்று, முதல் கட்டத்தில் கிரி, இரண்டாவதில் க். அல்லது முதல் கட்டத்தில் கி, இரண்டாவதில் ரிக். இந்த இடத்தில் ஒரு பொது விதி உதவும்: அமைப்பவர் ரீபஸை இரண்டு சொற்கள் வெட்டும் கட்டத்தில்தான் வைப்பார். வெட்டாத கட்டத்தில் வைத்தால் அதைச் சரிபார்க்க இன்னொரு சொல்லே இருக்காது, அது நியாயமில்லை. இந்தச் சொல்லின் இரண்டாவது கட்டத்தைக் குறுக்கே எதுவும் வெட்டவில்லை. முதல் கட்டத்தை இனிப்பு வெட்டுகிறது. ஆகவே கிரி முதல் கட்டத்தில்.

அந்தக் கட்டத்தில் வெறும் கி போட்டுப் பார்த்தாலும் ஜா, ஏதோ, கி என்று வந்து ஜானகி என்று முடியும். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, பாகில் ஊறவைக்க முடியாது. கிரி போட்டால் ஜா, ங், கிரி. ஜாங்கிரி. உளுந்தும் சரியாகிவிட்டது.

ஜா | ங் | கிரி | ■ | ■
மீ | ■ | க் | ■ | ■
ன் | ■ | கெ | ண் | டை
■ | ■ | ட் | ■ | ■

இரண்டு திசையிலும் குறிப்போடு ஒத்துப்போன பிறகுதான் ரீபஸ் உறுதி. ஒரு திசையில் மட்டும் பொருந்துகிறது என்றால் அது இன்னும் ஊகம், பென்சிலிலேயே இருக்கட்டும்.

ஒன்று கிடைத்துவிட்டது. மற்றவை எங்கே இருக்கும்?

பெரும்பாலான புதிர்களில் எல்லா ரீபஸ் கட்டத்திலும் ஒரே எழுத்துக்கூட்டம்தான். இல்லாவிட்டால் ஒரே குடும்பம்: நிறங்கள், கிழமைகள், சீட்டுக்கட்டின் நாலு சாதி என்பது போல. எங்கள் தாளில் கிரி என்று தெரிந்த உடனே மற்ற குறிப்புகளில் கிரி ஒளியக்கூடிய சொற்களைத் தேடலாம். "குன்னூர் இருக்கும் மாவட்டம்", மூன்றே கட்டம்: நீ, ல, கிரி. அதை வெட்டும் "போலீஸ் தேடும் ஆள்", நாலு கட்டம்: கிரி, மி, ன, ல். இன்னொரு மூலையில் கோத்தகிரி, அதை வெட்டுவது "சரியைக்கு அடுத்தபடி" என்ற குறிப்புக்கு விடையான கிரியை.

கட்டங்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிரே சமச்சீராக இருக்கும் என்று நினைத்துத் தேட வேண்டாம். கறுப்புக் கட்டங்களுக்குத்தான் அந்த ஒழுங்கு, ரீபஸுக்குக் கட்டாயமில்லை.

அமெரிக்கப் புதிர்களில் பெரும்பாலும் ஒரு காட்டிக்கொடுக்கும் குறிப்பும் இருக்கும், கடைசிப் பக்கமாக. எங்கள் தாளில் அது "மூன்று கட்டங்களுக்குள் பதுங்கியிருப்பதைத் தமிழில் சொல்லுங்கள்", இரண்டு கட்டம். விடை மலை. திணறும்போது குறிப்புகளைக் கடைசியிலிருந்து மேலே படித்து வந்தால் இந்த மாதிரி ஒன்று சிக்கும்.

தமிழில் "கி" என்பதே க்-உம் இ-யும் சேர்ந்ததுதானே. அப்படிப் பார்த்தால் எல்லாக் கட்டமும் ரீபஸ்தானே?

இலக்கணப்படி வாதம் அழகு, புதிருக்கு ஒத்துவராது. தமிழ்க் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால் 247-இல் ஒன்று, அதோடு ஜ, ஹ போன்ற கிரந்த வரிசையும். உயிர்மெய் ஒரே எழுத்துதான். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. இரண்டாவது எழுத்து உள்ளே நுழையும்போதுதான் ரீபஸ்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கள் உதிரியாக நிற்கும், எதற்கு நடுவிலும் மூன்று எழுத்துச் சொல்லை ஒளித்துவிடலாம். தமிழில் காதுக்குக் கேட்பது கட்டத்தில் இருக்காது. ஒருவர் ஊட்டி என்பதை ஒரே கட்டத்தில் வைத்து, பாலூட்டி என்ற சொல்லில் ஒளிக்கப் பார்த்தார். நம் மலைக்குப் பொருத்தமான யோசனைதான், ஆனால் முடியாது. பாலூட்டியில் இருப்பது பா, லூ, ட், டி. அங்கே ஊ என்ற எழுத்தே இல்லை, அது லகரத்தோடு சேர்ந்து லூ ஆகிவிட்டது. அதே போலத் தபால், முப்பால், பால்கனி மூன்றிலும் பால் ஒரே கட்டத்தில் அடங்கும். பாலம், பாலாடை இரண்டிலும் அடங்காது, ஏனென்றால் ல் போய் ல-வும் லா-வும் வந்துவிட்டன. கிரியும் அப்படித்தான்: கிரீடத்தில் இருப்பது கிரீ.

தீர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன்: சந்தேகக் கட்டத்தில் வைக்கும் துண்டு முழு எழுத்தாகத் தொடங்கி முழு எழுத்தாக முடிய வேண்டும். பாதி எழுத்தை அடுத்த கட்டத்துக்குக் கடன் கொடுத்தால்தான் விடை வருகிறது என்றால் நீங்கள் பிடித்தது தப்பான துண்டு.

இரண்டு சொல்லுக்கு நடுவே மிகும் ஒற்றும் ஒரு தனிக் கட்டம் கேட்கும். மலைப்பாம்பு என்பதில் மலையை ஒரே கட்டத்தில் அடைத்தாலும் ப், பா, ம், பு என்று நாலு கட்டம் வேண்டும். அந்த ப்-ஐ மறந்துவிட்டு "இன்னொரு ரீபஸ் இருக்கிறது" என்று சொல்லி வருபவர்கள் உண்டு.

ஒரு திசையில் ஒரு சொல்லும் இன்னொரு திசையில் வேறு சொல்லும் ஒரே கட்டத்தில் வரலாமா?

வரலாம். இது ரீபஸில் கொஞ்சம் முற்றிய வகை. இடமிருந்து வலம் திருவண்ணாமலை: தி, ரு, வ, ண், ணா, பிறகு ஆறாவது கட்டத்தில் மலை. அதே கட்டத்தில் தொடங்கி மேலிருந்து கீழ் கிரிவலம்: கிரி, வ, ல, ம். கட்டத்தில் எழுத வேண்டியது மலை/கிரி. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது குறுக்கே படிக்க, பின்னால் இருப்பது கீழே படிக்க.

இதைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் எது? ஒரே கட்டத்தில் இரண்டு சொல்லும் தனித்தனியே உறுதியாக இருந்து, இரண்டும் ஒத்துப்போக மறுக்கும்போது. அப்போது அந்த இரண்டு துண்டுகளுக்கும் ஏதாவது உறவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பொருள், நேர் எதிர்ப்பொருள், ஜோடிப் பெயர், இப்படி ஏதாவது. உறவே இல்லை என்றால் இரண்டில் ஒரு விடை தப்பு, அவ்வளவுதான். இந்த வகையை மாதாமாதம் வைத்தால் எனக்கே பிடிக்காது. ஒரு புதிரில் உறவு பளிச்சென்று இருந்தால் சுகம், இல்லையென்றால் வம்பு.

நம் பத்திரிகைப் புதிரில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் எல்லாம் உண்டே. அப்போது கட்டத்துக்குள் இருப்பதும் திரும்புமா?

திரும்பாது. கட்டம் என்பது ஒரே அலகு. கிரிக்கெட்டை வலமிருந்து இடமாக எழுதினால் வலது ஓரத்தில் கிரி, அதற்கு இடப்பக்கம் க், கெ, ட். கிரி, ரிகி ஆகாது. எழுத்துக்கள் கலைந்து கிடக்கும் வகைக் குறிப்பில் மட்டும் ரீபஸ் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அங்கே தீர்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே மிஞ்சாது.

அடைப்புக்குறிக்குள் போடும் எண் கட்டத்தின் எண்ணிக்கையா, எழுத்தின் எண்ணிக்கையா?

ரீபஸ் இருக்கும் தாளில் எண்ணே போடாமல் விடுவதுதான் நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். எண் கட்டாயம் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக வேறு சிலர் எழுத்து எண்ணிக்கையைத் தருகிறார்கள். அப்போது ஜாங்கிரிக்கு எதிரே 4 என்று இருக்கும், கட்டம் மூன்று. எங்கே நெருக்கடி என்பது உடனே தெரிந்துவிடும், எந்தத் துண்டு என்பது மட்டும்தான் பாக்கி. எப்படிப் போட்டாலும் தாளின் தலைப்பில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

இத்தனூண்டு கட்டத்தில் மூன்று எழுத்தை எப்படி எழுதுவது?

இரண்டு எழுத்தென்றால் மேலொன்று கீழொன்று. அதற்கு மேல் போனாலோ, இரண்டுக்கே இடம் போதவில்லை என்றாலோ கட்டத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, ஓரத்தில் ★ = கிரி என்று எழுதிவிடுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே துண்டு வரும் புதிருக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஐப்பசி கார்த்திகையில் இங்கே தாள் எல்லாம் பனியில் நமத்துக்கிடக்கும், மை பேனா பரவிவிடும். அந்த மாதங்களில் பென்சில்தான்.

போனில் நியூயார்க் டைம்ஸ் புதிர் போடுகிறேன். ஒரு கட்டத்தில் ஒரு எழுத்துக்கு மேல் அடிக்க விட மாட்டேன் என்கிறதே?

விடும், வழி கொஞ்சம் மறைவாக இருக்கிறது. கணினியில் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து `Esc` அழுத்துங்கள், அல்லது மேலே இருக்கும் `Rebus` பொத்தானைத் தட்டுங்கள். எழுத்துக்களை வரிசையாக அடித்து `Enter`. போனில் விசைப்பலகையின் ஓரத்தில் இன்னும் சில விசைகளைக் காட்டும் விசை இருக்கும், அதற்குள் `Rebus` கிடைக்கும்.

சோம்பலாக இருந்தால் முதல் எழுத்தை மட்டும் போட்டாலும் பெரும்பாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும். கட்டத்தில் `HEART` வர வேண்டும் என்றால் `H` போதும். ஆனால் இரண்டு திசைக்கும் வேறு வேறு துண்டு வரும் புதிரில் இந்தச் சலுகையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியும் வெற்றி இசை வரவில்லை என்றால், முதலில் குறுக்கே வரும் துண்டை முழுதாக அடித்துப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் நடுவில் சாய்கோடு போட்டு இரண்டையும். அதுவும் இல்லை என்றால் ரீபஸை விட்டுவிட்டு வேறு கட்டத்தில் எழுத்துப் பிழை தேடலாம்.

டீச்சர், நம் தாளைப் போனில் போடும்படி செய்யலாம் என்று இருக்கிறேன். எந்தக் கோப்பு வகை தமிழுக்கும் ரீபஸுக்கும் சேர்த்து ஒத்துவரும்?

ஐபஸ் என்று படிக்கப்படும் `ipuz`. அது வெறும் ஜேசன் உரை, ஒரு கட்டத்தின் விடை எவ்வளவு நீளச் சரமாகவும் இருக்கலாம். நம் மூலையின் முதல் வரி இப்படி இருக்கும்:

```json
"solution": [["ஜா", "ங்", "கிரி", "#", "#"]]
```

பழைய `.puz` வகையிலும் ரீபஸுக்குத் தனி இடம் உண்டு, ஆனால் அது முதலில் இலத்தீன் எழுத்துக்காகச் செய்யப்பட்டது. தமிழோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நீங்களே நிரல் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள். கணினிக்கு கி என்பது க ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறிகள். கிரி நாலு. குறிகளை எண்ணி "ஒன்றுக்கு மேல் இருந்தால் ரீபஸ்" என்று எழுதினால் தாளில் பாதிக் கட்டம் ரீபஸாகிவிடும். மெய்யோ உயிரோ, பின்னால் வரும் குறியோடு சேர்த்து ஓர் எழுத்தாக வெட்டிவிட்டுப் பிறகு எண்ண வேண்டும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் கையால் சரிபாருங்கள், அவை பெரும்பாலும் இரண்டாக வெட்டுப்படும்.

நானே ஒரு ரீபஸ் புதிர் அமைத்துத் தரலாமா? எதைப் பார்த்து வாங்குவீர்கள்?

தாராளமாக. முதலில் துண்டைத் தேர்ந்தெடுத்து அது வரும் சொற்களைப் பட்டியல் போடுங்கள், கட்டம் போடுவது அப்புறம். பட்டியலில் அந்தத் துண்டு தன் சொந்தப் பொருளில் வராத சொல் வேண்டும். கிரி என்றால் நீலகிரி, கோத்தகிரி, கிரிவலம் மட்டும் வைத்துச் செய்தால் சப்பென்று இருக்கும், எல்லாம் மலையேதான். ஜாங்கிரியும் கிரிக்கெட்டும் வந்த பிறகுதான் புதிர். ஒரே கட்டத்தில் வெட்டும் இரண்டு சொல்லில் ஒன்றாவது அப்படி இருக்கட்டும்.

இன்னொன்று, அதே துண்டு வேறு எங்காவது இரண்டு கட்டமாகப் பிரிந்து வரக் கூடாது. ஒரு மூலையில் கிரியை ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டு, இன்னொரு மூலையில் சிவகிரியை சி, வ, கி, ரி என்று நாலு கட்டத்தில் வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். தீர்ப்பவர் கிரியைக் கண்டுபிடித்த பிறகு எல்லா இடத்திலும் அதே கணக்கில்தான் தேடுவார்.

வெட்டும் இரண்டு சொல்லும் ஊர்ப்பெயராகவோ ஆள் பெயராகவோ இருந்தால் ஒன்றை மாற்றச் சொல்வேன். சாதாரணக் கட்டத்தில் ஓர் எழுத்தை ஊகித்துவிடலாம், இங்கே ஊகிக்க வேண்டியது ஒரு முழுத் துண்டு. தாளோடு விடைக் கட்டத்தையும் தனியாக அனுப்புங்கள், ரீபஸ் கட்டங்களைச் சிவப்பில் வட்டமிட்டு.